துகள் தயங்குகிறதா, என் அளவீடு தயங்குகிறதா: ஓர் ஆய்வு ஆர்வ உரை

கோடைக்கால ஆய்வுப் பயிற்சிக்கான விண்ணப்பத்தில், ஆய்வு ஆர்வத்தை விவரிக்கச் சொல்லும் பகுதிக்கு ஒரு பக்கம்தான் இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். இயற்பியல் இரண்டாம் ஆண்டில் படிக்கும் எனக்கு அந்த ஒரு பக்கத்தில் கேள்வியை மட்டுமே எழுத முடிந்தது. அந்தக் கேள்வி எனக்கு எப்படி வாய்த்தது, அதில் எதுவரை வந்திருக்கிறேன், எட்டு வாரம் கிடைத்தால் எதைச் செய்ய விரும்புகிறேன் என்பதையெல்லாம் அங்கே சொல்ல இடமில்லை. ஆகவே அந்த உரையின் முழு வடிவத்தை இங்கே எழுதுகிறேன்.

கேள்வி இதுதான். திரவத்தில் மிதக்கும் நுண்துகள் ஒன்றை நுண்ணோக்கி வழியே வீடியோ எடுத்து, அதன் பாதையைக் கணக்கிட்டுப் பார்க்கிறோம். இயல்பான பிரௌனிய இயக்கத்துக்கு எதிர்பார்ப்பதைவிட அது மந்தமாகப் பரவுவதாகக் கணக்கு காட்டுகிறது. அந்த மந்தம் துகளின் சூழலிலிருந்து வருகிறதா, அல்லது துகளின் இருப்பிடத்தை நாம் பிழையோடு அளந்ததிலிருந்து வருகிறதா? இரண்டும் வரைபடத்தில் ஏறக்குறைய ஒரே தோற்றத்தைத் தரக்கூடியவை. அவற்றைப் பிரித்தறியும் வழியே நான் கற்க விரும்புவது.

இந்தத் துறையில் எது அளக்கத் தகுந்தது என்பதே நெடுங்காலம் தெளிவில்லாமல் இருந்தது. ராபர்ட் பிரௌன் 1827-இல் மகரந்தத்திலிருந்து வந்த நுண்பொருள்களின் ஓயாத ஆட்டத்தைக் கவனித்தார். அதன்பின் பலர் அந்தத் துகள்களின் வேகத்தை அளக்க முயன்றார்கள். எத்தனை விநாடிக்கு ஒருமுறை பார்க்கிறோமோ அதற்கேற்ப வேகம் மாறிக்கொண்டே இருந்ததால் அந்த அளவுகள் எதனோடும் பொருந்தவில்லை. வேகத்தை விட்டுவிட்டு இடப்பெயர்ச்சியின் இருபடிச் சராசரியைப் பார்க்க வேண்டும், அதுதான் நேரத்துக்கு நேர்விகிதத்தில் வளரும் என்று ஐன்ஸ்டைன் 1905-இல் காட்டிய பிறகே அளக்கத்தக்க ஒரு பொருள் கிடைத்தது. ழான் பெர்ரன் 0.53 மைக்ரோமீட்டர் ஆரமுள்ள துகள்களின் இருப்பிடத்தை 30 விநாடிக்கு ஒருமுறை குறித்து, புள்ளிகளை நேர்க்கோடுகளால் இணைத்து வரைந்த படங்களை இன்றும் பாடநூல்களில் பார்க்கிறோம். அந்த நேர்க்கோடுகள் துகளின் உண்மையான பாதை அல்ல என்பதை அவரே எடுத்துச் சொன்னார். இடைவெளியைக் குறைத்தால் ஒவ்வொரு கோட்டின் இடத்திலும் அதே அளவு சிக்கலான இன்னொரு பாதை தோன்றும். பார்க்கும் இடைவெளியும் பார்ப்பவரின் பிழையும் விடைக்குள் நுழைந்துவிடும் என்ற எச்சரிக்கை இந்த அளவீட்டோடு தொடக்கத்திலிருந்தே இருந்து வருகிறது.

நான் செய்த சோதனை எளிமையானது. 1 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள பாலிஸ்டைரீன் உருண்டைகளை நீரில் மிக நீர்த்த கரைசலாகக் கலந்து, ஸ்லைடுக்கும் கவர் ஸ்லிப்புக்கும் இடையே ஏறத்தாழ 100 மைக்ரோமீட்டர் ஆழமுள்ள ஒரு சிறு அறையில் அடைத்து, 40 மடங்கு லென்ஸில் விநாடிக்கு 30 ஃபிரேம் வீதம் படமெடுத்தேன். எதிர்பார்க்க வேண்டிய விடையை முன்கூட்டியே கணக்கிடலாம். விரவல் குணகம்

```
D = kT / (6πηa)
```

என்பதில் k போல்ட்ஸ்மான் மாறிலி, T கெல்வினில் வெப்பநிலை, a துகளின் ஆரம், η நீரின் பாகுநிலை. 25 டிகிரி செல்சியஸில் நீரின் பாகுநிலை 0.89 மில்லிபாஸ்கல் விநாடி. ஆரத்தை 0.5 மைக்ரோமீட்டர் என்று வைத்தால் D, விநாடிக்கு 0.49 சதுர மைக்ரோமீட்டர் என வருகிறது. படத்தின் இரு அச்சுகளிலும் சேர்த்துப் பார்த்தால், ஒரு விநாடியில் துகள் தன் இடத்திலிருந்து, இருபடிச் சராசரியின் வர்க்கமூலக் கணக்கில், 1.4 மைக்ரோமீட்டர் அளவுக்கு விலகியிருக்கும். அதாவது தன் விட்டத்தைவிடச் சற்றுக் கூடுதல்.

எனக்குக் கிடைத்ததோ 0.37.

நான்கில் ஒரு பங்கு குறைகிறது. இத்தகைய குறைவு வந்தால் கைக்குக் கிடைக்கும் முதல் காரணத்தைச் சொல்லிவிட்டு நகர்ந்துவிட ஆசை வரும். ஆய்வகத்தில் எங்களுக்கு வழிகாட்டிய ஆசிரியை அதற்கு இடம் தரவில்லை. ஒவ்வொரு காரணமும் இந்த அளவு குறைவை உண்டாக்க வேண்டுமென்றால் அது எவ்வளவு பெரிதாக இருக்க வேண்டும் என்று முதலில் கணக்கிட்டு வரச் சொன்னார். கணக்கிட்டேன். வெப்பநிலை ஒரு டிகிரி மாறினால் D இரண்டு விழுக்காட்டுக்குச் சற்று மேல் மாறும். ஆகவே இந்தக் குறைவுக்கு நீர் பத்து டிகிரிக்கு மேல் குளிர்ந்திருக்க வேண்டும். விளக்கின் வெப்பம் நீரைச் சூடாக்குமே தவிரக் குளிர்விக்காது. துகளின் அளவு காரணமென்றால் விட்டம் 1.3 மைக்ரோமீட்டராக இருந்திருக்க வேண்டும். புட்டியில் குறித்துள்ள பிழை வரம்பு சில விழுக்காடுதான். படத்தின் அளவுகோல் தவறாக இருந்தால் அந்தத் தவறு D-இல் இருமடங்காகத் தெரியும் என்றாலும், இந்தக் குறைவுக்கு அளவுகோல் 13 விழுக்காடு தவறியிருக்க வேண்டும். அளவு பொறித்த ஸ்லைடை மறுபடியும் வைத்துப் பார்த்ததில் 100 மைக்ரோமீட்டர் தூரத்துக்கு 1,000 பிக்சல் என்ற கணக்கு மூன்று பிக்சலுக்கு மேல் பிசகவில்லை.

மூன்றும் விலகிப்போன பிறகு நான் திரும்பச் சென்றபோது ஆசிரியை ஒரே ஒரு கேள்வி கேட்டார். "எந்த உயரத்தில் ஃபோகஸ் வைத்தாய்?"

"கண்ணாடியில் ஒட்டிய துகள்கள் தெளிவாகத் தெரிகிற உயரத்தில்தான் வைத்தேன், மேடம். நகர்வுத் திருத்தத்துக்கு அவை வேண்டுமே."

சொல்லி முடிக்கும்போதே எனக்குப் புரிந்தது. ஸ்லைடு தயாரித்தவுடன் திரவத்தில் ஓட்டம் இருக்கும் என்பதால், அது அடங்கட்டும் என்று ஒரு மணி நேரம் காத்திருந்தேன். பாலிஸ்டைரீனின் அடர்த்தி நீரைவிட ஐந்து விழுக்காடு அதிகம். அந்தச் சிறு வேறுபாட்டால் ஒரு மைக்ரோமீட்டர் உருண்டை விநாடிக்கு 0.03 மைக்ரோமீட்டர் வீதம் கீழிறங்குகிறது. ஒரு மணி நேரத்தில் அது 100 மைக்ரோமீட்டர், அதாவது அறையின் முழு ஆழம். ஓட்டம் அடங்கக் காத்திருந்த நேரத்தில் துகள்களைத் தரைக்கு அருகே இறங்க விட்டிருக்கிறேன். வெப்ப ஆட்டம் அவற்றை முழுதாகப் படிய விடாமல் தரையிலிருந்து பதினாறு மைக்ரோமீட்டர் அளவிலான ஒரு படலமாக வைத்திருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஒட்டிய துகள்களின் மட்டத்தில் ஃபோகஸ் வைத்தபோது, அந்தப் படலத்திலும் கண்ணாடியைத் தொட்டும் தொடாமலும் மிதந்தவற்றை மட்டுமே நான் பொறுக்கியிருக்கிறேன். தெளிவாகத் தெரிந்தவை அவைதான்.

சுவருக்கு அருகே உள்ள துகளை நீர் கூடுதலாக இழுத்துப் பிடிக்கிறது, ஏனென்றால் துகளோடு சேர்ந்து நகர வேண்டிய நீருக்குச் சுவரில் நகர இடமில்லை. சுவருக்கு இணையான இயக்கத்துக்கு ஃபாக்ஸென் தந்த திருத்தத்தில், துகளின் மையம் தரையிலிருந்து h உயரத்தில் இருந்தால் விரவல் குணகம் முதல் கணக்கில் 9a/16h என்ற பங்கு குறைகிறது; மேலும் சில சிறு உறுப்புகளும் உண்டு. மையம் 1 மைக்ரோமீட்டர் உயரத்தில் இருக்கும்போது D அதன் முழு மதிப்பில் 0.72 பங்காகிறது, 1.5 மைக்ரோமீட்டரில் 0.81 பங்கு. என் 0.37 இவ்விரண்டுக்கும் நடுவே விழுகிறது. ஃபோகஸைத் தரையிலிருந்து 40 மைக்ரோமீட்டர் உயர்த்தி, புதிதாகத் தயாரித்த ஸ்லைடில், அடியில் படியும் முன்பே படமெடுத்தேன். விடை 0.48 என வந்தது. அந்த உயரத்தில் இரு சுவர்களின் விளைவும் சேர்ந்தே ஒரு விழுக்காட்டுக்குச் சற்று மேல்தான்.

இந்த நிகழ்வை இவ்வளவு விரிவாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. முதல் சுற்றில் கிடைத்த மந்தம் உண்மையான மந்தம். துகள் மெய்யாகவே மெதுவாகத்தான் நகர்ந்தது; என் கருவியில் தவறில்லை, எந்தத் துகளைப் பார்க்கிறேன் என்பதில்தான் தவறு. சுவரை விட்டு விலகிய பிறகு இதற்கு நேர்மாறான சிக்கல் வந்தது. அங்கே துகளில் எந்தக் கோளாறும் இல்லை. கோளாறு என் கணக்கில் இருந்தது. அந்த இரண்டாவது சிக்கல்தான் என்னைப் பிடித்துக்கொண்டது.

நடு உயரத்தில் மிதக்கும் துகள் மேலும் கீழும் தாராளமாக அலையும். ஃபோகஸிலிருந்து இரண்டு மைக்ரோமீட்டர் விலகினாலே அதன் உருவம் மங்கி, பின்தொடரும் நிரல் அதைத் தவறவிடுகிறது. அப்படி விலக அதற்கு நான்கு விநாடி போதும். ஆகவே ஒரு பாதையில் எனக்குக் கிடைப்பது நூறு ஃபிரேம் அளவுதான், பலவற்றில் ஐம்பதே. வகுப்பில் கற்ற முறை, பாதையிலிருந்து எல்லா இடைவெளிகளுக்கும் இருபடிச் சராசரி இடப்பெயர்ச்சியைக் கணக்கிட்டு, புள்ளிகள் அனைத்தின் வழியே ஒரு கோடு பொருத்தி, சரிவிலிருந்து D-ஐ எடுப்பது. நூறு ஃபிரேம் பாதையில் ஐம்பது ஃபிரேம் இடைவெளிக்கான புள்ளியைக் கணக்கிடும்போது ஐம்பது எண்களின் சராசரியை எடுப்பதுபோல் தோன்றினாலும், அவை ஒன்றன்மேல் ஒன்று படிந்தவை. உண்மையில் தனித்தனியாக இருப்பவை இரண்டே இடைவெளிகள். அந்தப் புள்ளியின் பிழை எழுபது விழுக்காடு. ஒன்றோடொன்று பிணைந்த புள்ளிகளாதலால் வரைபடத்தில் கோடு ஒழுங்காக, நம்பத்தக்கதாக வளைந்து செல்லும். பார்க்கும் கண்ணுக்குப் பிழை தெரியாது.

கணினியில் D-ஐ 0.49 என்று நானே வைத்து ஆயிரம் செயற்கைப் பாதைகளை உருவாக்கி, அதே முறையை அவற்றில் ஓட்டிப் பார்த்தேன். சில பாதைகள் பாதி மதிப்பையும் சில அதற்கு மிக அதிகமான மதிப்பையும் தந்தன. இரு அச்சுகளிலும் மடக்கை எடுத்து வரைந்து அடுக்கெண் α-வைக் கண்டபோது 0.6 என்றும் 1.4 என்றும் வந்த பாதைகள் அரிதல்ல. α ஒன்றைவிடக் குறைந்தால் கீழ்விரவல் என்றும், துகள் ஒரு நெரிசலில் சிக்கியிருக்கிறது என்றும் பொருள் கொள்வது வழக்கம். நான் உருவாக்கிய பாதைகளில் எந்த நெரிசலும் இல்லை. அதைப் பார்த்த மாலையில் அறையை விட்டு எழ மனமில்லாமல் வெகுநேரம் அந்த வரைபடங்களையே மாற்றி மாற்றித் திறந்துகொண்டிருந்தேன்.

பாதை குறுகியதால் வரும் சிதறல் பாதைகளைக் கூட்டினால் குறையும். இருப்பிடப் பிழை அப்படிக் குறையாது. துகளின் மையத்தை ஒவ்வொரு ஃபிரேமிலும் σ அளவு பிழையோடு அளந்தால், MSD என்று குறிக்கும் இருபடிச் சராசரி இடப்பெயர்ச்சியில், எந்த இடைவெளி τ-க்கும், 4σ² என்ற மாறாத ஒரு கூட்டல் சேர்ந்துவிடும்:

```
MSD(τ) = 4Dτ + 4σ²
```

நீரில், நல்ல வெளிச்சத்தில், எனக்கு σ 0.02 மைக்ரோமீட்டர் அளவில்தான் இருந்தது. ஒரு ஃபிரேம் இடைவெளியில் துகளின் பங்கு 0.065 என்றால் பிழையின் பங்கு 0.0016, பொருட்படுத்த வேண்டியதில்லை. இப்போது ஊடகம் பத்து மடங்கு கெட்டியானது, D 0.05 மட்டுமே, வெளிச்சமும் குறைவு, ஆகவே σ 0.1 மைக்ரோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ஃபிரேம் இடைவெளியில் துகளின் உண்மையான பங்கு 0.0067, பிழையின் பங்கு 0.04. அளந்ததில் பெரும்பகுதி பிழைதான். இடைவெளியைப் பத்து மடங்காக்கினால் மொத்தம் 0.047-இலிருந்து 0.107-க்கு மட்டுமே உயர்கிறது. அந்தப் பகுதியின் அடுக்கெண் 0.36. மேலும் பத்து மடங்காக்கினால் 0.71 ஆகிறது, அடுக்கெண் 0.82. குறுகிய நேரத்தில் கடுமையாகச் சிக்குண்டு பின்பு மெல்ல விடுபடும் துகளுக்கு வரைபடம் எப்படி இருக்குமோ, இதுவும் அப்படியே இருக்கிறது. ஆனால் நாம் எடுத்துக்கொண்டது முற்றிலும் இயல்பாக விரவும் துகள். இருப்பிடப் பிழை போலிக் கீழ்விரவலை உண்டாக்கும் என்று 2002-லேயே எழுதியிருக்கிறார்கள் என்பதைப் பின்னர் அறிந்தேன். நானே எண்களை வைத்துப் பார்த்திராவிட்டால் அதை ஒரு வரியாகப் படித்துக் கடந்துபோயிருப்பேன்.

σ-வை அறிய எளிய வழி, கண்ணாடியில் ஒட்டிய துகள்களைப் படமெடுத்து அவை நகர்வதாகத் தோன்றும் அளவைப் பார்ப்பது. ஆனால் அசையாத துகளுக்குக் கிடைக்கும் σ அசையும் துகளுக்குப் பொருந்த வேண்டும் என்பதில்லை. கேமராவின் திறப்பு நேரத்துக்குள் துகள் நகர்ந்து உருவம் இழுபடுகிறது. ஃபோகஸிலிருந்து விலகும்போது உருவம் அகன்று மங்குகிறது. இன்னொரு பிழையும் உண்டு. மையம் காணும் நிரலில் துகளைச் சுற்றிய சட்டத்தைச் சிறிதாக வைத்துவிட்டால், மையங்கள் பிக்சலின் நடுப்புள்ளியை நோக்கி ஈர்க்கப்படும். இதைக் கண்டுபிடிப்பது சுலபம்: எல்லா இருப்பிடங்களிலும் முழு எண்ணை நீக்கிப் பின்னப் பகுதியை மட்டும் நிகழ்வெண் படமாக வரைந்தால் அது தட்டையாக இருக்க வேண்டும். என் முதல் படத்தில் நடுவில் ஒரு மேடு எழுந்திருந்தது. சட்டத்தை 7 பிக்சலிலிருந்து 13 ஆக்கியதும் மேடு மறைந்தது. இப்போது எந்தப் பாதையைக் கணக்கிடும் முன்பும் இந்தப் படத்தை வரைந்துவிட்டுத்தான் மேலே செல்கிறேன்.

σ-வைத் தனியாக அளக்காமலேயே D-ஐப் பெற ஒரு வழிமுறை 2014-இல் வெளியானது. அதன் எளிமை என்னை வியப்பில் ஆழ்த்தியது. துகள் ஒரு ஃபிரேமில் தற்செயலாக வலப்பக்கம் தள்ளி அளக்கப்பட்டால், அதற்கு முந்தைய அடி வலப்பக்கம் நீண்டதாகவும், அடுத்த அடி இடப்பக்கம் திரும்பியதாகவும் தோன்றும். ஒரே பிழை அடுத்தடுத்த இரண்டு அடிகளில் எதிரெதிர்க் குறியோடு இடம்பெறுகிறது. ஆகவே அடுத்தடுத்த அடிகளின் பெருக்கற்பலனின் சராசரி, சுழி ஆவதற்குப் பதில், பிழையின் அளவை எதிர்க்குறியில் காட்டிக்கொடுக்கும். அதை அடியின் இருபடிச் சராசரியோடு உரிய அளவில் கூட்டினால் பிழை தானாகவே நீங்கிவிடுகிறது:

```python
import numpy as np

def D_estimate(x, dt):
    dx = np.diff(x)
    return (np.mean(dx**2) / (2*dt)
            + np.mean(dx[1:] * dx[:-1]) / dt)
```

ஓர் அச்சுக்கான கணக்கு இது. மற்ற அச்சுக்கும் செய்து சராசரி எடுக்க வேண்டும். திரவத்தின் ஒட்டுமொத்த நகர்வை முன்பே கழித்திருக்க வேண்டும் என்பது முக்கியம். நடு உயரத்தில் ஒட்டிய துகள்கள் இல்லாததால், ஒவ்வொரு ஃபிரேமிலும் தெரியும் துகள்கள் அனைத்தின் சராசரி அடியை நகர்வாக எடுத்துக் கழித்தேன். திறப்பு நேர இழுபடுதலும் இந்தக் கூட்டலில் நீங்கிவிடுகிறது என்பதைத் தாளில் போட்டுப் பார்த்து உறுதிசெய்துகொண்டேன். நீரில் எடுத்த என் நூறு ஃபிரேம் பாதைகளில் இந்த முறை தந்த மதிப்புகளின் சிதறல், பழைய முறையின் சிதறலில் ஒரு பகுதியே. ஒரு தனிப் பாதைக்குப் பத்து விழுக்காட்டுக்குக் கீழே பிழையைக் கொண்டுவர எந்த முறையாலும் இயலாது. நூறு ஃபிரேமில், இரு அச்சுகளிலும் சேர்த்து, நம்மிடம் இருப்பது ஏறத்தாழ இருநூறு அடிகள்தான்.

ஆனால் இந்த முறை துகள் இயல்பாக விரவுகிறது என்று வைத்துக்கொண்டே தொடங்குகிறது. துகள் மெய்யாகவே கீழ்விரவலில் இருந்தால்? அங்கேதான் பயிற்சியில் நான் செய்ய விரும்பும் வேலை தொடங்குகிறது.

பாலிமர் இழைகள் நிறைந்த ஒரு திரவத்தில் துகள் ஓர் அடி வைத்தால், இழைகள் அதைப் பின்னோக்கி இழுக்கும். அங்கும் அடுத்தடுத்த அடிகளின் பெருக்கற்பலன் எதிர்க்குறியில்தான் வரும். முதல் இடைவெளியை மட்டும் பார்த்தால் இழையின் இழுப்பும் அளவீட்டின் பிழையும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டும் பிரியும் இடம் இரண்டாவது இடைவெளி. இருப்பிடப் பிழை அடுத்தடுத்த அடிகளை மட்டுமே பிணைக்கிறது. ஓர் அடியை விட்டு அதற்கடுத்த அடியைப் பார்த்தால் பொதுவான ஃபிரேம் எதுவும் இல்லை, ஆகவே பெருக்கற்பலனின் சராசரி சுழிதான். இழைகளின் நினைவோ அதற்கு அப்பாலும் நீள்கிறது. இரண்டாவது, மூன்றாவது இடைவெளிகளிலும் எதிர்க்குறி தேய்ந்தபடி தொடரும்.

சொல்வதற்கு எளிதாக இருக்கும் இந்தச் சோதனைக்கு எவ்வளவு தரவு வேண்டும் என்பதே என் கவலை. நினைவு நீண்டிருக்கும் கீழ்விரவலுக்கு வழக்கமாகப் பயன்படும் ஒரு கணித வடிவில், அடுக்கெண் 0.8 என்று வைத்து ஒப்புறவை, அதாவது அடிகளின் பெருக்கற்பலனின் சராசரியை அடியின் இருபடிச் சராசரியால் வகுத்த எண்ணை, கணக்கிட்டேன். முதல் இடைவெளியில் அது மைனஸ் 0.13, இரண்டாவதில் மைனஸ் 0.037 மட்டுமே. அவ்வளவு சிறிய எண்ணைச் சுழியிலிருந்து மூன்று மடங்கு பிழைத் தொலைவில் நிறுத்திக் காட்ட, குறைந்தது 6,600 அடிச்சோடிகள் வேண்டும். ஐம்பது ஃபிரேம் பாதையொன்று இரு அச்சுகளிலும் சேர்த்து நூறு சோடி தரும் என்றால், எழுபது பாதைகள்வரை தேவை. இருப்பிடப் பிழை இல்லாத நிலைக்கான எண்ணிக்கை இது. பிழை அடிகளின் மொத்த இருபடியைப் பெருக்கி ஒப்புறவை நீர்க்கச்செய்யும். பிழையின் பங்கு துகளின் பங்குக்குச் சமமானால் ஒப்புறவு பாதியாகும், தேவையான தரவு நான்கு மடங்காகும். எழுபது பாதைகளை ஒரு பிற்பகலில் எடுத்துவிடலாம். முந்நூறும் முடியும், அறையின் விளிம்பை நன்றாக அடைத்து, ஆவியாதலால் வரும் ஓட்டத்தைத் தடுத்திருந்தால்.

எட்டு வாரத்தில் இதை மூன்று திரவங்களில் செய்து பார்க்க விரும்புகிறேன். முதலில் நீர், அங்கே விடை எனக்குத் தெரியும், ஆகவே என் வேலை முறையில் எஞ்சியிருக்கும் தவறுகள் அங்கே வெளிப்படும். அடுத்து கிளிசரால் கலந்த நீர். அது கெட்டியானது, ஆனால் நினைவில்லாதது. துகள் மெதுவாகச் செல்லும், இருப்பிடப் பிழையின் பங்கு உயரும், போலிக் கீழ்விரவல் வரைபடத்தில் தோன்றும், இரண்டாவது இடைவெளியிலோ எதுவும் தெரியக்கூடாது. அங்கே ஏதேனும் தெரிந்தால் அது நகர்வுத் திருத்தத்தின் குறைபாடாகவோ, பின்தொடரும் நிரல் இரு துகள்களை மாற்றி இணைத்ததாகவோ இருக்கும். மூன்றாவது, மெத்தில்செல்லுலோஸ் போன்ற பாலிமர்க் கரைசல். கிளிசராலின் பாகுநிலையையும் இதையும் முடிந்தவரை நெருங்கிய மதிப்பில் வைத்துக்கொண்டால், வேகத்தால் வரும் வேறுபாடு நீங்கி நினைவால் வரும் வேறுபாடு மட்டும் எஞ்சும். இந்த ஒப்பீட்டை நான் எல்லாவற்றுக்கும் மேலாக மதிக்கிறேன். கிளிசரால் இல்லாமல் பாலிமரை மட்டும் அளந்தால் எந்த முடிவையும் சொல்ல எனக்குத் துணிவு வராது.

பாலிமர்க் கரைசலில் இரண்டாவது இடைவெளி சுழியாகவே வரவும் கூடும். இழைகளின் நினைவு ஒரு ஃபிரேம் நேரத்துக்குள் தீர்ந்துவிட்டால், விநாடிக்கு 30 ஃபிரேம் எடுக்கும் கேமராவுக்கு அது தெரியாது. அப்படி வந்தால் இன்ன நேரத்துக்கு மேல் நினைவு இல்லை என்று ஒரு வரம்பைச் சொல்ல முடியும், செறிவைக் கூட்டி மறுபடி பார்க்கவும் முடியும். விநாடிக்குச் சில நூறு ஃபிரேம் எடுக்கும் கேமரா ஆய்வகத்தில் இருக்குமானால் நல்லது. ஆனால் ஃபிரேம் நேரம் குறையக் குறைய ஒவ்வொரு ஃபிரேமிலும் சேரும் ஒளி குறைந்து σ ஏறும்; அடியின் நீளமும் குறையும். வேகமான கேமரா இந்தச் சோதனைக்கு எந்த அளவுவரை உதவும், எங்கிருந்து கெடுக்கத் தொடங்கும் என்பதை முதல் வாரத்திலேயே செயற்கைப் பாதைகளில் கணக்கிட்டுவிட எண்ணுகிறேன்.

எனக்கு இதற்கென இருக்கும் பயிற்சி இவ்வளவுதான்: ஸ்லைடு தயாரிப்பது, ImageJ-இல் வீடியோவைப் பிரித்துப் பார்ப்பது, பைத்தானில் பாதைகளைக் கணக்கிடுவது, செயற்கைத் தரவை உருவாக்கி என் கணக்கை நானே சோதிப்பது. பாலிமர்க் கரைசலின் நெகிழ்வை வேறொரு கருவியில் தனியாக அளந்து என் விடையோடு ஒப்பிட வேண்டும். அந்தக் கருவியை நான் தொட்டதில்லை. அதை அருகிருந்து கற்றுத்தரும் ஒருவர் வேண்டும் என்பதாலேயே இந்த விண்ணப்பத்தை, துகள்களை மட்டும் பின்தொடரும் குழுவுக்கு அனுப்பாமல், மென்பொருள்களின் நெகிழ்வையும் சேர்த்து அளக்கும் குழுவுக்கு அனுப்புகிறேன். இங்கே மென்பொருள் என்பது இயற்பியலில் வழங்கும் பொருளில்: ஜெல், பாலிமர், கூழ்மம் முதலியவை. நீரில் எடுத்த பாதைகளின் கோப்புகளையும், 0.37 தந்த முதல் சுற்றையும் சேர்த்து, விண்ணப்பத்தோடு இணைத்திருக்கிறேன். அந்த முதல் சுற்றின் ஒவ்வொரு கோப்பிலும் ஃபோகஸ் உயரம் என்ற இடத்துக்கு நேரே, தரையிலிருந்து ஏறத்தாழ ஒரு மைக்ரோமீட்டர் என்று இப்போது எழுதியிருக்கிறது.